கடைசிப் பக்கத்துக் கட்டணம் (4): கவுன்டர் திறந்துதான் இருக்கிறது

சென்ற வாரம் பிரெட் ரோசனோடு நிறுத்தியிருந்தோம். 1976-இல் அரிசோனாவில் தொடங்கி, தள்ளாடிக்கொண்டிருந்த டிக்கெட்மாஸ்டர் என்ற கம்பெனியை 1982-இல் கையில் எடுத்த வழக்கறிஞர் அவர். கணினியில் டிக்கெட் விற்றுத் தருவதற்கு அதுவரை அரங்க முதலாளிதான் கூலி கொடுத்துவந்தார். ரோசன் அதைத் தலைகீழாக்கினார். “நீங்கள் ஒரு காசும் தர வேண்டாம், ரசிகரிடம் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், அதில் உங்களுக்கும் பங்கு உண்டு” என்பதுதான் அவர் கொண்டுவந்த ஏற்பாட்டின் சாரம். எந்த முதலாளிக்குக் கசக்கும்?

அந்த ஏற்பாடு கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்தபோது அதை முதலில் மறித்தது எந்த ரசிகர் சங்கமும் அல்ல. ஒரு மாநில அரசின் வருவாய்த் துறை.

அதற்கு முன், மணவாள நகரில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். கணக்கு தெரியாமல் இந்த வழக்கு புரியாது.

மேல்நல்லாத்தூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வரும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சென்னைப் பக்கம் ஒரு மல்டிபிளெக்ஸுக்குப் போக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 190 ரூபாய், நான்கு பேருக்கு 760. படத்தையும் காட்சியையும் இருக்கையையும் தேர்ந்தெடுக்கும் வரை அந்தத் தொகைதான் திரையில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே ஒரு வரி கூடுதலாக முளைக்கிறது. வசதிக் கட்டணம் டிக்கெட்டுக்கு 30 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 5 ரூபாய் 40 காசு. நான்கு டிக்கெட்டுக்கு 141 ரூபாய் 60 காசு. மொத்தம் 901 ரூபாய் 60 காசு.

இதில் கவனிக்க வேண்டியது தொகை அல்ல, பெருக்கல். நான்கு டிக்கெட்டையும் அவர் ஒரே தடவையில், ஒரே பணப் பரிமாற்றத்தில் வாங்குகிறார். சர்வருக்கு ஒரு வேலைதான், வங்கிக்கும் ஒரு வேலைதான். ஆனால் கட்டணம் நான்கு மடங்கு. “கார்டு கம்பெனிக்கு நாங்கள் கொடுக்க வேண்டியிருக்கிறதே” என்ற பழைய சமாதானமும் இங்கே நிற்காது. டெபிட் கார்டில் பணம் வாங்கும் பெரிய வியாபாரியிடம் வங்கி எடுத்துக்கொள்ளும் பங்குக்கு 2018 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி வைத்த உச்ச வரம்பு 0.90 சதவீதம். 901 ரூபாய்க்கு அது 8 ரூபாய் சொச்சம். அதையும் வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் அதுவும் பூஜ்யம்.

அப்படியானால் அந்த 141 ரூபாய் 60 காசு எதற்கான விலை? டிக்கெட்டின் விலையிலேயே அது ஒரு பகுதியா, அல்லது டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்து விற்கப்படும் வேறொரு பொருளா?

வரி, விலை உச்சவரம்பு, பணம் திரும்ப வருமா வராதா என்பது வரை எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொங்குகின்றன. மும்பையில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் எழுதப்பட்டது. அந்தப் பதில் நீதிமன்றத்தில் தீர்ப்பாகப் பதினோரு ஆண்டு ஆனது.

*

2013 ஏப்ரல் 4. மகாராஷ்டிர அரசு ஓர் ஆணை போட்டது. இணையத்தில் டிக்கெட் விற்கும் தியேட்டர்காரர்கள் டிக்கெட் விலைக்கு மேல் சேவைக் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. அடுத்து 2014 மார்ச் 18-இல் இன்னோர் உத்தரவு, அதே தடையை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. ஆதாரமாகக் காட்டப்பட்டது மகாராஷ்டிரக் கேளிக்கை வரிச் சட்டம், 1923. பேசும் படம் வருவதற்கு முன்னால் எழுதப்பட்ட சட்டத்தைக் கொண்டு செல்போன் முன்பதிவைக் கட்டிப்போடப் பார்த்தார்கள். துணிச்சல்தான்.

பி.வி.ஆர்., மல்டிபிளெக்ஸ் சங்கம், ‘புக்மைஷோ’வை நடத்தும் பிக்ட்ரீ எல்லோரும் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். 2014 ஜூலை 9-இல் இடைக்காலத் தடை கிடைத்தது. அரசின் தடைக்குத் தடை. வழக்கு முடியும் வரை கட்டணம் வாங்கலாம்.

இந்திய நீதிமன்றங்களில் ‘இடைக்காலம்’ எவ்வளவு நீளும் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடைக்காலத்துக்குள் ஜி.எஸ்.டி. வந்தது, பெருந்தொற்று வந்து தியேட்டர்களைப் பூட்டியது, பி.வி.ஆரும் ஐநாக்ஸும் ஒன்றாயின. நம் ஊரில் சத்யம் குழுமம் 2018-இல் பி.வி.ஆர். கைக்குப் போனது. சென்னையில் பிறந்த ‘டிக்கெட்நியூ’ முதலில் அலிபாபாவிடமும் பிறகு 2018-இல் பேடிஎம்மிடமும் போய், 2024-இல் பேடிஎம்மின் டிக்கெட் வியாபாரத்தோடு சேர்ந்து 2,048 கோடி ரூபாய்க்கு ஸொமாட்டோவுக்குக் கைமாறியது. கடைசிப் பக்கத்தில் முளைக்கும் அந்த ஒற்றை வரிக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

தமிழ்நாட்டில் அந்த வரிக்கு இன்னொரு விசேஷம். இங்கே டிக்கெட் விலையைத் தியேட்டர்காரர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 2017 அக்டோபரில் அரசு மல்டிபிளெக்ஸுக்கு வைத்த உச்சவரம்பு, வரி நீங்கலாக 150 ரூபாய். விலைக்குப் பூட்டு, வசதிக் கட்டணத்துக்குப் பூட்டு இல்லை. டிக்கெட் விலையில் தயாரிப்பாளருக்கும் விநியோகஸ்தருக்கும் பங்கு போகும், இந்தக் கட்டணமோ முன்பதிவுக் கம்பெனியும் தியேட்டரும் தங்களுக்குள் பிரித்துக்கொள்வது. 2018 மார்ச் 1-ஆம் தேதி தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்பட வெளியீட்டை நிறுத்தி ஒன்றரை மாதம் போராடியபோது, டிஜிட்டல் ஒளிபரப்புக் கட்டணத்தோடு இணைய முன்பதிவுக் கட்டணத்தையும் கோரிக்கையில் சேர்த்ததன் பின்னணி இதுதான். ரசிகர் மேல் அவர்களுக்கு இருந்த பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை, ஆனால் தங்கள் பங்கு இல்லாத ஒரு பணப்பை ஒவ்வொரு காட்சிக்கும் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் கடினம்.

மும்பை வழக்கு தூங்கிக்கொண்டிருந்தபோது, கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் மாநில எல்லையைத் தாண்டியதும் வேறொரு அரசு வேறொரு வழியை யோசித்தது. தடை போடுவானேன், நாமே விற்றுவிட்டால் என்ன?

*

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்குச் சூலூர்பேட்டை தூரமில்லை. ஆரம்பாக்கம் தாண்டி, தடா தாண்டி, தேசிய நெடுஞ்சாலையிலேயே போனால் வந்துவிடும். 2019-இல் அங்கே திறக்கப்பட்ட பிரம்மாண்டத் திரையில் படம் பார்ப்பதற்காகச் சென்னையிலிருந்தே கார் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்கள் எல்லை தாண்டியதும் டிக்கெட்டின் சட்டமும் மாறுகிறது.

2021-இல் ஆந்திர அரசு தன் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தியது. மாநிலத்தின் எல்லாத் தியேட்டர்களும் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஒரே தளத்தின் வழியாகத்தான் இணைய டிக்கெட் விற்க வேண்டும். சேவைக் கட்டணம் டிக்கெட் விலையில் சுமார் 2 சதவீதம். நம் மணவாள நகர் குடும்பத்தின் கணக்கை இதில் போட்டால் 760 ரூபாய்க்கு 15 ரூபாய் சொச்சம். 141 எங்கே, 15 எங்கே!

ஆனால் தியேட்டர்காரர்களின் கவலை வேறு. காசு முதலில் அரசின் கணக்கில் விழும், பிறகு தங்களுக்கு வரும் என்றால் அது எப்போது வரும்? இன்னொரு கவலையை யாரும் உரக்கச் சொல்லவில்லை. எத்தனை டிக்கெட் விற்றது என்பது நிமிடத்துக்கு நிமிடம் அரசுக்குத் தெரிந்துவிடும். மல்டிபிளெக்ஸ் சங்கமும் பிக்ட்ரீயும் வழக்குப் போட்டன. 2022 ஜூலை 1-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அரசின் ஏற்பாட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், 2022 ஜூனில், இந்தியப் போட்டி ஆணையம் புக்மைஷோ மீது விசாரணைக்கு உத்தரவிட்டிருந்தது. தியேட்டர்களோடு போட்டுக்கொள்ளும் பிரத்யேக ஒப்பந்தங்களும் வசதிக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறையும் புதிதாக வருகிறவர்களுக்கு வழியடைக்கின்றன என்பது புகார். நாற்பது ஆண்டுக்கு முன் ரோசன் போட்ட அதே கணக்கு, எழுத்து மாறாமல்.

தடை போட்ட அரசு, தானே விற்கப் பார்த்த அரசு, இரண்டும் நீதிமன்ற வாசலில் நின்றன. முதல் தீர்ப்பு மும்பையிலிருந்து வந்தது.

*

2025 ஜூலை 10. நீதிபதிகள் எம்.எஸ்.சோனக், ஜிதேந்திர ஜெயின் அமர்வு மகாராஷ்டிர அரசின் இரண்டு ஆணைகளையும் ரத்து செய்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படியொரு தடை போடுவதற்கு அரசுக்கு அதிகாரமே இல்லை. சட்டத்தின் துணையில்லாமல் தொழிலில் குறுக்கிடுவது, தொழில் செய்யும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவுக்கு எதிரானது. வாடிக்கையாளருக்கு எங்கே நிர்பந்தம்? கட்டணம் வேண்டாமென்றால் தியேட்டர் கவுன்டருக்குப் போய் வாங்கலாம். வசதி வேண்டுமென்றால் அதற்கான விலை. தீர்ப்பின் போக்கு இது.

சட்டப்படி இந்தத் தர்க்கத்தில் ஓட்டை காண்பது கடினம். ஆனால் அதை மணவாள நகரில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். உள்ளூர்த் தியேட்டர் என்றால் கவுன்டர் என்பது உண்மையான மாற்று வழிதான். ஷேர் ஆட்டோவில் ஏறினால் முடிந்தது. சென்னை மல்டிபிளெக்ஸ் என்றால், திருவள்ளூர் ஸ்டேஷனில் மின்சார ரயிலேறிப் போய், டிக்கெட் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் அதே ரயிலில் திரும்ப வேண்டும். பெரிய நடிகர் படத்தின் முதல் மூன்று நாளில் கவுன்டர் ஷட்டர் ஏறுவதற்கு முன்பே இணையத்தில் இருக்கையெல்லாம் நிறம் மாறியிருக்கும். கவுன்டர் திறந்துதான் இருக்கிறது, விற்பதற்கு அங்கே எதுவும் இல்லை. தேர்வு என்பது டிக்கெட் மிச்சமிருக்கும் காட்சிக்கு மட்டும் பொருந்தும் வாதம் என்பது என் கருத்து.

அதே 2025-இல் அதே உயர் நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. வசதிக் கட்டணத்தில் 10 ரூபாய்க்கு மேற்பட்ட பகுதியைக் கேளிக்கை வரிக் கணக்கில் சேர்க்கலாம் என்ற சட்டத் திருத்தம் செல்லும். நம் சென்னை உயர் நீதிமன்றமோ ஏ.ஜி.எஸ். சினிமாஸ் வழக்கில் நேரெதிர்த் திசையில் போயிருந்தது. இணையக் கட்டணம் உள்ளே நுழைவதற்கான விலை அல்ல, விரும்புகிறவர் மட்டும் தரும் தனிச் சேவைக்கான தொகை, அதனால் கேளிக்கை வரி கிடையாது. மும்பையில் அதற்காகவே சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள், இங்கே அப்படியொரு திருத்தம் இல்லை.

இந்த ‘தனிச் சேவை’தான் நம் கதையின் திருப்பம். தியேட்டரை வரியிலிருந்து காப்பாற்றிய அந்தச் சொல், டிக்கெட்டை ரத்து செய்ய வருகிறவரை என்ன செய்கிறது?

*

ஞாயிறு காலை நம் நண்பரின் குழந்தைக்குக் காய்ச்சல். டிக்கெட்டை ரத்து செய்யப் போகிறார். சில தியேட்டர்களில் அதற்கு வழியே இல்லை. இருக்கும் தியேட்டர்களில் காட்சி நெருங்க நெருங்கத் திரும்பும் பங்கு குறையும். ஆனால் எந்த நேரத்தில் ரத்து செய்தாலும் 141 ரூபாய் 60 காசு பெரும்பாலும் திரும்பாது. காரணம் நீதிமன்றத்தில் சொன்ன அதே காரணம். டிக்கெட் தியேட்டருடையது, சேவை எங்களுடையது. வீட்டிலிருந்தபடி இருக்கை பிடித்துக் கொடுத்தோமா, இல்லையா? சேவை முடிந்தது, கூலியும் முடிந்தது.

வாதம் கூர்மையானது. ஆனால் கத்திக்கு மறுபக்கமும் உண்டு. தனிச் சேவை என்றால், சேவை நடக்காதபோது கூலி கேட்க முடியாது.

பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. புதுப்பட முன்பதிவு திறக்கும் முதல் சில நிமிடங்களில் அடிக்கடி நடப்பது இது. இங்கே பார்க்க வேண்டியது யு.பி.ஐ. செயலியின் நிலவரத்தை. ‘தோல்வி’ அல்லது ‘நிலுவை’ என்று காட்டினால் பணம் வங்கிகளுக்கு நடுவே நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, பரிமாற்றம் நடந்த நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, கேட்காமலே வரவு வைக்கப்பட வேண்டும். திரும்புவது 760 அல்ல, முழு 901 ரூபாய் 60 காசு. ‘வெற்றி’ என்று காட்டியும் டிக்கெட் இல்லையென்றால் கதை வேறு. பணம் முன்பதிவுக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. வங்கியிடம் புகார் செய்து பயனில்லை, பரிமாற்ற எண்ணோடு கம்பெனியைத்தான் பிடிக்க வேண்டும். பலர் வங்கியிடம் அலைந்து வாரங்களைத் தொலைப்பது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான்.

இன்னொரு பிடி, கட்டணத்தைக் காட்டும் நேரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இணைய விற்பனையின் 13 தந்திர வடிவங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்துப் பிறகு சொட்டுச் சொட்டாகக் காட்டுவது அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் நைசாகப் போடுவது இன்னொன்று. டிக்கெட்டுக்கு 1 ரூபாய் நன்கொடையைத் தானாகச் சேர்த்துவந்த புக்மைஷோ, ஆணையம் தலையிட்ட பிறகு அதை வாடிக்கையாளர் விருப்பத்துக்கு விட்டது. வசதிக் கட்டணத்தை யாரும் ஒழிக்கவில்லை. முதல் பக்கத்திலேயே காட்டு என்று கேட்பதற்கு மட்டும் சட்டத்தில் இடம் கிடைத்தது. அமெரிக்காவிலும் 2025 மே 12 முதல் நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. ரோசனின் ஊரே அவர் கணக்கைத் திருத்த அத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

ஆகவே நம் நண்பர் வழக்குப் போடுவதென்றால், ‘கட்டணமே சட்டவிரோதம்’ என்று எழுதுவதைவிட ‘முதலில் காட்டவில்லை’ என்று எழுதுவது உறுதியான தரை. அதற்குச் சாட்சி இரண்டு ஸ்கிரீன்ஷாட். இருக்கை தேர்ந்தெடுத்த பக்கம் ஒன்று, பணம் கட்டும் பக்கம் ஒன்று. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் அலுவலகம் மும்பையில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. மணவாள நகர்க்காரருக்குத் திருவள்ளூர் ஆணையம் போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பில் முன்பதிவுக் கம்பெனியோடு தியேட்டரையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இதுவரை பார்த்ததில் ரத்து செய்தவர் ரசிகர், தவறியது பரிமாற்றம். டிக்கெட் கையில் இருக்கிறது, கட்டணமும் கட்டியாயிற்று, நிகழ்ச்சியும் நடக்கிறது, ஆனால் வாங்கியவரால் உள்ளே போக முடியவில்லை என்றால்? முன்பதிவுக் கம்பெனி தன் சேவையை முடித்துவிட்டது. அரங்கமோ பாடிக்கொண்டிருக்கிறது. யாரிடம் கேட்பது?

2023 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலை, பனையூர். மழையால் ஆகஸ்ட் 12-இலிருந்து தள்ளிவைக்கப்பட்ட ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி. ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் வாயிலுக்கு வெளியே நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மறுநாள் ரஹ்மானே ஒரு மின்னஞ்சல் முகவரியை வெளியிட்டு, டிக்கெட் நகலையும் குறைகளையும் அனுப்பச் சொன்னார். அந்த முகவரிக்கு எழுதியவர்கள் கட்டிய தொகையில் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு? மேடை போட்டவரா, டிக்கெட் விற்றவரா, பாடியவரா?

(அடுத்த வாரம்: பனையூர் வாசலில்)